திங்கள் மாலைக் கூட்டம்: பத்து வாரச் சோதனைக்கு ஒரு முன்மொழிவு

வாரந்தோறும் ஆசிரியர் கூட்டம் நடத்தும் பள்ளிகள் நம்மிடையே ஏராளம். பள்ளி முடிந்ததும் அலுவலக அறையிலோ அறிவியல் ஆய்வகத்திலோ கூடுகிறோம். தலைமை ஆசிரியர் சுற்றறிக்கைகளை வாசிக்கிறார், நாம் குறித்துக்கொள்கிறோம், பதிவேட்டில் கையொப்பமிட்டுக் கிளம்புகிறோம். இக்கூட்டத்தின் கால அளவைக் குறைத்தால் பள்ளிப் பணி கெடுமா, கெடாதா? இதை வாதிட்டு முடிவுசெய்வதைவிட ஒரு பருவத்துக்குள் சோதித்து, அளந்து பார்த்து முடிவுசெய்யலாம் என்பதே இக்கட்டுரையின் முன்மொழிவு.

முதலில் எல்லையை வரையறுத்துக்கொள்வோம். கட்டாய இலவசக் கல்வி உரிமைச் சட்டம், 2009 பிரிவு 21-இன்கீழ் அமைந்த பள்ளி மேலாண்மைக் குழுவின் கூட்டம் இச்சோதனையில் சேராது. குறுவள மையக் கூட்டமும் வட்டார, மாவட்ட அளவிலான ஆய்வுக் கூட்டங்களும் நம் கையில் இல்லாதவை. பள்ளியே தனக்காக வைத்துக்கொண்ட வாராந்திர ஆசிரியர் கூட்டத்தை மட்டுமே இங்கே பேசுகிறோம். அதை மாற்ற மேலிடத்து ஆணை தேவையில்லை. தலைமை ஆசிரியரின் ஒப்புதலும் ஒரு தீர்மானமும் போதும்.

ஐம்பது நிமிடம் எங்கே போகிறது?

14 ஆசிரியர்கள் பணிபுரியும் ஓர் உயர்நிலைப் பள்ளியை மாதிரியாக எடுத்துக்கொள்வோம். கூட்டம் திங்கள்கிழமை மாலை 4.15 முதல் 5.05 வரை. ஒரு நாளின் கூட்டப் பொருள்கள் 11. அவற்றை மூன்றாகப் பிரிக்கலாம்.

முதல் வகை தகவல். பேருந்து பயண அட்டைக்கான விண்ணப்பத்தின் கடைசி நாள், என்.எம்.எம்.எஸ். தேர்வு அறிவிப்பு, கலைத் திருவிழா போட்டி விவரம் போன்ற ஆறு பொருள்கள் இவ்வகை. இரண்டாம் வகை கணக்குக் கேட்பது. எமிஸ் பதிவை முடித்தவர் யார், உதவித்தொகைக்கான வங்கிக் கணக்கு விவரத்தைத் தராத வகுப்பு எது, அலகுத் தேர்வு மதிப்பெண் பட்டியல் வந்ததா என்ற மூன்று பொருள்கள். மூன்றாம் வகைதான் முடிவு தேவைப்படுவது. ஒன்பதாம் வகுப்பில் ஐந்து மாணவர்கள் ஒவ்வொரு புதன்கிழமையும் வருவதில்லை, அன்று ஊரில் சந்தை. இவர்களுக்கு என்ன செய்வது என்பது ஒன்று. ஆறாம் வகுப்பில் தமிழைக் கூட்டி வாசிக்கத் திணறும் குழந்தைகளின் மாலை வாசிப்புக் குழுவை யார் நடத்துவது என்பது மற்றொன்று.

நேரத்தைப் பாருங்கள். எல்லாரும் வந்து சேர 7 நிமிடம். தகவல்களை வாசிக்க 17 நிமிடம். கணக்குக் கேட்க 18 நிமிடம். முடிவு தேவைப்படும் இரண்டு பொருள்களுக்கும் சேர்த்து மீதமிருப்பது 8 நிமிடம். அதற்குள் 4.57 ஆகிவிடும். பேருந்தைப் பிடிக்க வேண்டியவர்கள் பையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வார்கள். "இதை அடுத்த கூட்டத்தில் விரிவாகப் பேசலாம்" என்று பதிவேட்டில் எழுதப்படும். சந்தை நாள் மாணவர்களைப் பற்றிய பேச்சு அடுத்த வாரமும் பட்டியலின் கடைசியில்தான் வரும், ஏனெனில் சுற்றறிக்கைகள் முதலில் வாசிக்கப்பட வேண்டுமே!

இது மாதிரிக் கணக்குதான். உங்கள் பள்ளியின் நிலை என்ன என்பதை அரை மணி நேரத்தில் அறியலாம். ஆசிரியர் கூட்டப் பதிவேட்டை எடுத்து, கடைசி எட்டுக் கூட்டங்களின் பொருள்களுக்கு அருகே பென்சிலால் 'த' (தகவல்), 'க' (கணக்கு), 'மு' (முடிவு) என்று குறியுங்கள். 'மு' எத்தனை, அவற்றுள் எத்தனை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டன என்று எண்ணுங்கள். 'மு' பாதிக்கு மேல் இருந்து, அவை அன்றைக்கே முடிந்தும் இருந்தால், உங்கள் கூட்டம் நன்றாக நடக்கிறது என்று பொருள். இச்சோதனை உங்களுக்குத் தேவையில்லை.

நேரம் ஏன் இப்படிக் கரைகிறது?

ஒதுக்கிய நேரம் முழுவதையும் நிரப்பும் அளவுக்கு வேலை விரிந்துகொள்ளும் என்று சி. நார்த்கோட் பார்க்கின்சன் 1955-இல் 'எக்கனாமிஸ்ட்' இதழில் எழுதினார். கூட்டத்துக்கு 50 நிமிடம் என்று பழகிவிட்டால், 20 நிமிடத்தில் முடியக்கூடிய நாளிலும் அது 50 நிமிடம் நடக்கும். அவரே பின்னர் இன்னொன்றையும் சுட்டிக்காட்டினார். அணு உலை அமைப்பது பற்றிய பொருளைக் குழு சில நிமிடங்களில் நிறைவேற்றிவிடும், மிதிவண்டி நிறுத்தும் கொட்டகையைப் பற்றி நெடுநேரம் பேசும், ஏனெனில் கொட்டகையைப் பற்றி எல்லாருக்கும் ஒரு கருத்து உண்டு. ஆண்டு விழா மேடைத் துணியின் நிறத்துக்கு நாம் செலவிட்ட நேரத்தை நினைத்துக்கொண்டால் இது விளங்கும்.

நேரம் குறைந்தால் முடிவின் தரம் குறையாதா என்ற ஐயம் நியாயமானது. ஆலன் புளூடார்னும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1999-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இங்கே பயன்படும். ஐந்து பேர் கொண்ட 111 குழுக்களுக்கு ஒரே பணி தரப்பட்டது. சில குழுக்கள் நின்றுகொண்டு பேசின, சில உட்கார்ந்து பேசின. உட்கார்ந்து பேசிய குழுக்கள் 34 விழுக்காடு கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டன, ஆனால் அவற்றின் முடிவுகள் மேம்பட்டிருக்கவில்லை. நாள் முழுவதும் நின்று பாடம் நடத்தும் நம்மைக் கூட்டத்திலும் நிற்கச் சொல்ல இது காரணமாகாது. நீண்ட நேரம் பேசினால் நல்ல முடிவு தானே வந்துவிடும் என்று நம்ப வேண்டியதில்லை என்பதே இதன் பாடம். அதோடு அது ஒருமுறை கூடிப் பேசிய குழுக்களைப் பற்றிய ஆய்வு. வாரந்தோறும் கூடும் நம் பள்ளிக்கு அது அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. அதனால்தான் நாமே சோதித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

எண்ணிக்கையைக் குறைப்பதா, நேரத்தைக் குறைப்பதா?

இரண்டையும் ஒரே சமயத்தில் மாற்றினால் பலன் எதனால் வந்தது, குறை எதனால் வந்தது என்று சொல்ல முடியாமல் போகும். ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஈராசிரியர் தொடக்கப் பள்ளியில் நாள் முழுவதும் இருவரும் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அங்கே எண்ணிக்கையைக் குறைத்து மாதம் ஒருமுறை வைத்துக்கொள்ளலாம். உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளின் நிலை வேறு. கடைசி நாள் குறித்த பணிகள் ஒவ்வொரு வாரமும் வந்துகொண்டே இருக்கின்றன. இரு வாரங்களுக்கு ஒரு கூட்டம் என்றால் பொருள்கள் குவிந்து கூட்டம் நீளும், ஒரு கூட்டத்துக்கு வராதவர் ஒரு மாதம் பின்தங்கிவிடுவார். எனவே நம் மாதிரிப் பள்ளிக்கு வாரக் கூட்டத்தை அப்படியே வைத்துக்கொண்டு, நேரத்தை மட்டும் 50-இலிருந்து 20 நிமிடமாகக் குறைப்போம்.

கூட்டத்தில் பேசாத பொருள்கள் வேறு வழியில் போய்ச்சேர வேண்டும். தகவல்கள் வெள்ளிக்கிழமை நண்பகலுக்குள் ஒரே பக்கத்தில் எழுதப்பட்டு, வழக்கமான சுற்றறிக்கைப் பதிவேட்டிலேயே கையொப்பத்துக்கு வரும். ஒவ்வொரு தகவலிலும் யார், எதை, எந்த நாளுக்குள் செய்ய வேண்டும் என்ற மூன்றும் இருக்க வேண்டும். "விண்ணப்பங்களை விரைந்து ஒப்படைக்கவும்" என்று எழுதினால் திங்கள்கிழமை பத்துப் பேர் சந்தேகம் கேட்பார்கள். "8-ஆம் வகுப்பு ஆசிரியர்கள், நிறைவு செய்த விண்ணப்பங்களை, வியாழன் மாலை 4 மணிக்குள் அலுவலகத்தில்" என்று எழுதினால் கேட்க எதுவும் இருக்காது.

கணக்குக் கேட்பதற்கு ஆசிரியர் அறைச் சுவரில் ஒரு பணி நிலவரப் பட்டியல் போதும். பணி முடிந்ததும் அவரவர் பெயருக்கு நேரே தேதியிட்டுச் சுருக்கொப்பமிடலாம். முடிக்காத இருவரைத் தலைமை ஆசிரியர் தனியே கேட்டால் போதும். அந்த இருவருக்காகப் பன்னிரண்டு பேர் காத்திருக்க வேண்டியதில்லை.

கூட்டம் சரியாக 4.15-க்குத் தொடங்கும். வர வேண்டியவர்கள் வந்துகொண்டிருந்தாலும் தொடங்கிவிடும். முதல் பொருளே முடிவுப் பொருள். ஒரு கூட்டத்துக்கு இரண்டு முடிவுப் பொருள்கள், ஒவ்வொன்றுக்கும் 8 நிமிடம். மீதி 4 நிமிடம் தகவல் பக்கத்தில் ஐயம் கேட்க. 8 நிமிடத்தில் முடியாத பொருளை, அதோடு நேரடித் தொடர்புள்ள நான்கு பேர் 4.35 முதல் 4.55 வரை உட்கார்ந்து பேசி முடிவை எழுதித் தருவார்கள். சந்தை நாள் மாணவர்களுக்கு வகுப்பாசிரியர், உடற்கல்வி ஆசிரியர், அவ்வகுப்புக்குப் பாடம் எடுக்கும் இருவர் போதும். மற்றவர்கள் வீட்டுக்கோ வகுப்பறைக்கோ போகலாம்.

மிச்சம் எவ்வளவு?

இங்கே நாணயமாகக் கணக்குப் போட வேண்டும். ஆறு வாரத்துக்குப் பழைய முறையில் 14 பேர் × 50 நிமிடம் × 6 = 4,200 நிமிடம், அதாவது 70 மணி நேரம். புதிய முறையில் 14 × 20 × 6 = 1,680 நிமிடம், அதாவது 28 மணி. ஆகவே 42 மணி மிச்சம் என்று சொல்லத் தோன்றும். அது சரியன்று.

தகவல் பக்கத்தை வாசிக்க ஒவ்வொருவருக்கும் வாரம் 5 நிமிடம் ஆகும். ஆறு வாரத்துக்கு அது 7 மணி. வாரம் ஒரு சிறு குழு கூடினால் 4 பேர் × 20 நிமிடம் × 6 = 8 மணி. தகவல் பக்கத்தை எழுதுபவருக்கு வாரம் 20 நிமிடம், ஆக 2 மணி. எல்லாம் கூட்டினால் 45 மணி. உண்மையான மிச்சம் 25 மணிதான். ஓர் ஆசிரியருக்கு ஆறு வாரத்தில் 1 மணி 47 நிமிடம், வாரத்துக்குச் சுமார் 18 நிமிடம்.

18 நிமிடம் என்பது சிறிய அளவாகத் தெரியலாம். ஆனால் இது சராசரி. சிறு குழுவில் இல்லாத பத்துப் பேருக்குத் திங்கள் மாலை 4.35 முதல் 5.05 வரை அரை மணி நேரம் சேர்ந்தாற்போல் கிடைக்கிறது. ஆறாம் வகுப்பு வாசிப்புக் குழு மற்ற நாள்களில் நடந்து, கூட்டத்தை முன்னிட்டுத் திங்களில் மட்டும் விடுபடுகிறதென்றால், அந்த அரை மணி நேரம் அந்தக் குழந்தைகளுக்குப் போகும். கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, ஆசிரியரின் வாரப் பணி நேரம் குறைந்தது 45 மணி என்று சொல்லும்போது பாடத் தயாரிப்பு நேரத்தையும் அதில் சேர்த்தே சொல்கிறது. கூட்டத்தில் செலவாகும் நேரம் பெரும்பாலும் தயாரிப்பிலிருந்துதான் எடுக்கப்படுகிறது.

எப்போது, எதை அளப்பது?

ஜூன் மாதம் சேர்க்கை, பாடநூல் வழங்கல் என்று கழிந்துவிடும். அக்டோபர், நவம்பரில் மழை விடுமுறையும் தீபாவளியும் வாரக் கணக்கைக் குலைத்துவிடும். எனவே ஜூலை தொடக்கத்திலிருந்து காலாண்டுத் தேர்வுக்கு முன்பு வரையிலான பத்து வாரங்கள் பொருத்தமானவை. முதல் நான்கு வாரம் பழைய முறையே தொடரட்டும், ஆனால் அளக்கத் தொடங்கிவிடுங்கள். ஒப்பிட ஓர் அடிப்படை இல்லாமல் புதிய முறை நன்றாக இருக்கிறது என்று சொன்னால் அது வெறும் அபிப்பிராயம். அடுத்த ஆறு வாரம் புதிய முறை. சுதந்திர தின விழா ஏற்பாட்டுக்கான கூட்டம் தனி, அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

அளவைகள் நான்கு போதும். ஒவ்வொரு வாரமும் ஒருவர் பத்து நிமிடத்தில் குறித்துவிடலாம்.

ஒன்று, நேரம். கூட்டம் உண்மையில் தொடங்கிய நேரம், முடிந்த நேரம், வந்தோர் எண்ணிக்கை. சிறு குழுவுக்கும் இவ்வாறே குறிக்க வேண்டும்.

இரண்டு, பணி நிறைவு. அந்தந்த வாரத்தில் கடைசி நாள் வந்த பணிகள் எத்தனை, அவற்றுள் குறித்த நாளில் முடிந்தவை எத்தனை.

மூன்று, தகவல் கசிவு. "எனக்குத் தெரியவே தெரியாதே" என்று யாரேனும் சொன்ன ஒவ்வொரு நிகழ்வும் ஒரு கோடு. ஏற்கெனவே அறிவித்ததை மீண்டும் கேட்டு அலுவலகத்துக்கு வந்தாலும் ஒரு கோடு.

நான்கு, தள்ளிவைத்தவை. முடிவு எடுக்கப்படாமல் அடுத்த வாரத்துக்குப் போன பொருள்களின் எண்ணிக்கை.

இவற்றோடு நான்காம் வார முடிவிலும் பத்தாம் வார முடிவிலும் பெயர் எழுதாத ஒரு துண்டுச் சீட்டு. அதில் மூன்று கேள்விகள். தெரிந்துகொள்ள வேண்டியது சரியான நேரத்தில் தெரிந்ததா? சொல்ல நினைத்ததைச் சொல்ல வாய்ப்புக் கிடைத்ததா? திங்கள் மாலை 4.35-க்குப் பிறகு பெரும்பாலும் என்ன செய்தீர்கள்? முதல் சீட்டில் மூன்றாவது கேள்வி இருக்காது.

எண்களைப் படிக்கும்போது நிதானம் வேண்டும். முதல் நான்கு வாரத்தில் 20 பணிகளில் 13 நாளில் முடிந்தன, பின் ஆறு வாரத்தில் 30-இல் 21 முடிந்தன என்று வைத்துக்கொள்வோம். 65 விழுக்காடு 70 ஆகிவிட்டது என்று மகிழத் தோன்றும். ஆனால் பழைய வேகத்திலேயே சென்றிருந்தாலும் 30-இல் 19 அல்லது 20 முடிந்திருக்கும். வித்தியாசம் ஒன்றிரண்டு பணிகள்தான். இதிலிருந்து "பணி நிறைவு குறையவில்லை" என்று மட்டும் சொல்லலாம், "கூடியது" என்று சொல்லக் கூடாது. குறையவில்லை என்பதே நமக்குப் போதுமானது.

எந்த முடிவு வந்தால் என்ன செய்வோம் என்பதை முதல் வாரத்திலேயே எழுதிவைக்க வேண்டும். பின்னால் எழுதினால் அவரவர் விருப்பத்துக்கு எண்கள் வளைந்துவிடும். நம் மாதிரிப் பள்ளிக்கு இப்படி எழுதலாம்: பணி நிறைவு விகிதம் குறையாமலும், வாரத்துக்குச் சராசரித் தகவல் கசிவு கூடாமலும், ஓர் ஆசிரியருக்கு வாரம் குறைந்தது 15 நிமிடம் மிச்சமானால் புதிய முறை தொடரும். கசிவு மட்டும் கூடினால், தகவல் பக்கத்தை எழுதும் முறையைத் திருத்தி மேலும் நான்கு வாரம் பார்ப்போம். பணி நிறைவு குறைந்தால் பழைய முறைக்குத் திரும்புவோம்.

எங்கே தவறக்கூடும்?

முதல் ஆபத்து, கூட்டம் புலனக் குழுவுக்கு இடம்பெயர்வது. திங்களில் 30 நிமிடம் குறைந்து, இரவு ஒன்பது மணிக்குச் செய்திகள் குவிந்தால் அது மிச்சமில்லை, வேலை வீட்டுக்கு வந்துவிட்டது என்று பொருள். மாலை 6 மணிக்குப் பிறகு பள்ளிப் புலனக் குழுவில் வந்த செய்திகளைப் பத்து வாரமும் எண்ணிப் பாருங்கள். அவை தெளிவாகக் கூடியிருந்தால், நேரக் கணக்கு என்ன சொன்னாலும் சோதனை தோற்றுவிட்டது.

இரண்டாவது, குரல் இழப்பு. நீண்ட கூட்டத்தில் கடைசி ஐந்து நிமிடத்திலாவது புதிதாகச் சேர்ந்த ஆசிரியர் ஒரு வார்த்தை பேசுவார். 8 நிமிடப் பேச்சில் பழகியவர்களே பேசி முடித்துவிடக்கூடும். துண்டுச் சீட்டின் இரண்டாம் கேள்வி இதற்காகத்தான். பதினான்கில் மூன்று பேர் "இல்லை" என்றாலும் அதைப் பொருட்படுத்த வேண்டும். முடிவுப் பொருளை வெள்ளிக்கிழமையே தகவல் பக்கத்தின் அடியில் குறிப்பிட்டு, எழுத்தில் கருத்துச் சொல்ல இடம் விடுவது நல்ல மாற்று. திங்கள்கிழமை பணி நாளாக அமையாத பகுதிநேர ஆசிரியர்களுக்கும் இதனால் முதன்முறையாக ஒரு வழி திறக்கும்.

மூன்றாவது, புதுமையின் ஈர்ப்பு. எந்தப் புதிய முறையும் முதல் இரண்டு வாரம் ஒழுங்காக நடக்கும். ஐந்தாவது, ஆறாவது வாரத்தில் கூட்டம் 20 நிமிடத்திலிருந்து 28, 35 என்று மெல்ல நீள்கிறதா என்று பாருங்கள். தொடக்க, முடிவு நேரத்தை எழுதச் சொன்னது இதைக் கண்டுபிடிக்கத்தான்.

நான்காவது, தலைமை ஆசிரியரின் பொறுப்பு. ஒரு பணி தவறினால் மேலதிகாரியிடம் பதில் சொல்பவர் அவர்தான். "எல்லாரிடமும் சொன்னேன்" என்பதற்குக் கூட்டப் பதிவேட்டின் கையொப்பங்கள் அவருக்குச் சான்று. தகவல் பக்கத்தைப் புலனக் குழுவில் மட்டும் போட்டுவிடாமல் சுற்றறிக்கைப் பதிவேட்டில் கையொப்பத்துடன் அனுப்பச் சொன்னதற்கு இதுவே காரணம். அவருடைய சான்று அப்படியே இருக்கும். இதை முதலிலேயே எடுத்துச் சொன்னால் ஒப்புதல் பெறுவது எளிது.

தீர்மானத்தின் வாசகம்

முன்மொழிவைக் கூட்டத்தில் வைக்கும்போது நீண்ட விளக்கம் வேண்டாம். கடைசி எட்டுக் கூட்டங்களின் 'த', 'க', 'மு' எண்ணிக்கையை ஒரு தாளில் காட்டிவிட்டு, கீழ்க்காணும் வாசகத்தைப் பதிவேட்டில் எழுதலாம்:

"ஜூலை முதல் வாரத்திலிருந்து பத்து வாரங்களுக்கு வாராந்திர ஆசிரியர் கூட்டம் சோதனை முறையில் அளவிடப்படும். முதல் நான்கு வாரம் தற்போதைய முறையும் அடுத்த ஆறு வாரம் 20 நிமிட முறையும் பின்பற்றப்படும். தகவல்கள் வெள்ளிக்கிழமைதோறும் சுற்றறிக்கைப் பதிவேட்டின் வழியாக அனைவருக்கும் சென்றடையும். நேரம், பணி நிறைவு, தகவல் கசிவு, தள்ளிவைத்த பொருள்கள் ஆகியவை வாரந்தோறும் பதிவு செய்யப்படும். பதினொன்றாம் வாரக் கூட்டத்தில் இப்பதிவுகள் அனைவர் முன்னும் வைக்கப்பட்டு, தொடர்வதா திரும்புவதா என்று முடிவு செய்யப்படும்."

பதினொன்றாம் வாரத்தில் எண்கள் பழைய முறைக்குச் சாதகமாக வந்தால் தயங்காமல் திரும்பிவிடலாம். அப்போதும் ஒன்று கைக்கு வந்திருக்கும்: நம் பள்ளியில் ஒரு பணி ஏன் நாளில் முடிவதில்லை, ஒரு தகவல் எங்கே நின்றுபோகிறது என்பதற்குப் பத்து வாரப் பதிவு. சந்தை நாள் மாணவர்களைப் பற்றிய பொருள் எத்தனை முறை தள்ளிப்போடப்பட்டது என்பதும் அந்தப் பதிவில் இருக்கும்.